கீழ்ச்சுவர் மாரடைப்பு: வலியைக் கேட்பதிலிருந்து வீட்டுக்கு அனுப்புவது வரை

இதயத்தின் கீழ்ச்சுவர் என்பது உதரவிதானத்தின் மேல் படிந்திருக்கும் பகுதி. பெரும்பாலானவர்களுக்கு அதற்கு ரத்தம் கொண்டுவருவது வலது இதயத் தமனி. அந்தத் தமனியின் வேலை அத்துடன் நிற்பதில்லை. நாடித் துடிப்பைத் தொடங்கிவைக்கும் முடிச்சுக்குப் பலரிடம் அதுதான் ரத்தம் கொடுக்கிறது. மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பைக் கடத்தும் முடிச்சுக்கு ஏறத்தாழ எல்லோரிடமும் அதுவே ஆதாரம். வலது கீழறையின் சுவரும் அதை நம்பியே இருக்கிறது. ஆகவே அந்த ஒரு குழாய் அடைபட்டால் நெஞ்சு வலியோடு வாந்தி, நாடி மந்தம், ரத்த அழுத்தச் சரிவு எல்லாம் சேர்ந்தே வரக்கூடும். வாந்தியும் மேல்வயிற்று வலியும் முந்திக்கொண்டு வருவதால், நோயாளியும் வீட்டாரும் இதை 'வாயுக் கோளாறு' என்றே நினைக்கிறார்கள்.

மருத்துவ அறுவைச் செவிலியம் படிக்கும் மாணவர்களுக்கு இந்த வகை மாரடைப்பைப் போல நல்ல பாடம் வேறில்லை. மற்ற மாரடைப்புகளில் வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளில் சில, இதில் நோயாளியைக் கீழே தள்ளிவிடும். ஒவ்வொரு மருந்துக்கும் முன்னால் எதைப் பார்க்க வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைச் செவிலியர் இங்கே கட்டாயம் கற்றுக்கொண்டுவிடுகிறார்.

விளக்கத்துக்காக ஒரு நோயாளியை வைத்துக்கொள்ளலாம். வயது 52, லாரி ஓட்டுநர், பத்து வருடமாகச் சர்க்கரை நோய், பீடிப் பழக்கம் உண்டு. அதிகாலை நாலரை மணிக்கு நெஞ்சுக்குழியில் கனம், இரண்டு முறை வாந்தி, சட்டை நனையும் அளவு வியர்வை. சோடா குடித்துப் பார்த்தார், கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் தன்னிடமிருந்த சார்பிட்ரேட் மாத்திரை ஒன்றை நாக்குக்கு அடியில் வைக்கச் சொன்னார். வைத்த சிறிது நேரத்தில் தலை சுற்றிச் சாய்ந்துவிட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல்கட்ட மாத்திரைகளைக் கொடுத்து, 108 ஆம்புலன்ஸில் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே 6.40 மணிக்கு வந்து சேரும்போது ரத்த அழுத்தம் 84/56, நாடி 54, விரல்நுனி ஆக்சிஜன் அளவு 96 சதவீதம்.

வலியைக் கேட்கும் முறை

"வலி இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் இந்த ஓட்டுநர் "வலியெல்லாம் இல்லம்மா, ஒரே பாரமா இருக்கு" என்றுதான் சொல்வார். மாரடைப்பு வந்தவர்களில் பலர் வலி என்ற சொல்லையே எடுப்பதில்லை. பிசையுது, அழுத்துது, கரிக்குது, அடைக்குது, மூச்சு முட்டுது என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். எனவே "நெஞ்சில் என்ன செய்கிறது?" என்று திறந்த கேள்வியாகக் கேட்டு, அவர் சொல்லும் சொல்லையே குறிப்பேட்டில் எழுதுவது நல்லது. 'நெஞ்சு வலி' என்று செவிலியர் மாற்றி எழுதிவிட்டால் ஒரு தகவல் தொலைந்துபோகிறது.

அடுத்து, எந்த நேரத்தில் தொடங்கியது, என்ன செய்துகொண்டிருந்தபோது வந்தது, எங்கே தொடங்கி எங்கே பரவுகிறது, பத்துக்கு எத்தனை மதிப்பெண் கொடுப்பார், எதனால் கூடுகிறது அல்லது குறைகிறது என்று கேட்க வேண்டும். இவற்றில் தொடங்கிய நேரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து வலி தொடங்கி 12 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன். முதல் மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் அதன் பலன் மிக அதிகம். "விடியற்காலையில்" என்பது விடையல்ல. பால் வருவதற்கு முன்பா, பின்பா, முதல் பஸ் போய்விட்டதா என்றெல்லாம் கேட்டு, உடன் வந்தவரிடம் சரிபார்த்து மணியை நிலைநிறுத்த வேண்டும்.

நோயாளியின் கையும் பேசும். மார்பின் நடுவே உள்ளங்கையையோ மூடிய கைமுட்டியையோ வைத்துக் காட்டுபவருக்கு இதய வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே விரலால் ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டுபவருக்கு அந்த வாய்ப்பு குறைவு. ஆனால் இதை வைத்து யாரையும் திருப்பி அனுப்பிவிட முடியாது. சர்க்கரை நோயாளிகள், முதியவர்கள், பெண்கள் ஆகியோரிடம் வலியே இல்லாமல் மூச்சுத்திணறல், களைப்பு, தாடை வலி, வாந்தி என்று மட்டும் மாரடைப்பு வரலாம். ஜெலுசில் குடித்ததும் நெஞ்சு லேசானது என்பதால் அது வாயு என்று ஆகிவிடாது. சார்பிட்ரேட்டுக்குக் கேட்டது என்பதால் அது இதயம்தான் என்றும் ஆகிவிடாது.

முதுகுப் பக்கம் கிழிப்பதுபோல் வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் மட்டும் சற்று நிதானிக்க வேண்டும். இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் எடுத்துப் பார்த்து, பெரிய வித்தியாசம் இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அது பெருந்தமனியின் சுவர் கிழிந்ததாக இருக்கலாம். அவருக்குக் கட்டி கரைக்கும் மருந்து கொடுத்தால் உயிர் போய்விடும்.

பத்து நிமிடத்தில் ஈசிஜி, கூடவே வலது பக்கமும்

நோயாளி வந்த பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து மருத்துவர் கையில் சேர்த்துவிட வேண்டும். முதல் ஈசிஜி தெளிவில்லாமல் இருந்து அறிகுறி தொடர்ந்தால், கால் மணி அரை மணிக்கு ஒருமுறை மீண்டும் எடுக்க வேண்டும். ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருப்பது தவறு. இதயத்தசை சேதமான மூன்று முதல் ஆறு மணி நேரம் கழித்தே பழைய வகைப் பரிசோதனைகளில் அது தெளிவாக உயரும். சீக்கிரம் வந்த நோயாளிக்குத்தான் அது 'இயல்பு' என்று வந்து ஏமாற்றும்.

ஓட்டுநரின் ஈசிஜியில் II, III, aVF ஆகிய மூன்று பட்டைகளிலும் எஸ்டி பகுதி மேலெழுந்திருந்தது. இந்த மூன்றும் கீழ்ச்சுவரைப் பார்க்கும் பட்டைகள். II-ஐவிட III-இல் உயர்வு அதிகமாக இருந்ததால் வலது இதயத் தமனிமேல் சந்தேகம் விழுந்தது. இந்த இடத்தில் அனுபவமுள்ள செவிலியர் மருத்துவர் சொல்வதற்குக் காத்திராமல் வலது பக்க ஈசிஜியையும் எடுத்துவிடுவார். இடது மார்பில் நாலாவதாக ஒட்டும் மின்முனையைக் கழற்றி, வலது மார்பில் அதே உயரத்தில், ஐந்தாவது விலா இடைவெளியில், காறை எலும்பின் நடுப்புள்ளிக்கு நேர் கீழே ஒட்டி ஒரு பட்டை எடுத்தால் போதும். எடுத்த தாளில் 'V4R' என்று பேனாவால் எழுதிவிட வேண்டும். எந்திரம் தன்பாட்டுக்கு 'V4' என்றே அச்சிடும் என்பதால், எழுதாமல் விட்டால் அடுத்து பார்ப்பவர் தவறாகப் படித்துவிடுவார். இந்தப் பட்டையில் எஸ்டி உயர்ந்திருந்தால் வலது கீழறையும் தாக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். சில மணி நேரத்தில் இந்த அடையாளம் மறைந்துபோகலாம் என்பதால், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

உடலும் அதையே காட்டும். ரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கும், கழுத்து நரம்பு புடைத்திருக்கும், ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் நுரையீரல் சுத்தமாக இருக்கும். மூன்றும் சேர்ந்து வந்தால் வலது கீழறை சோர்ந்திருக்கிறது. அது தள்ளினால்தான் இடது பக்கத்துக்கு ரத்தம் போய்ச் சேரும். தசை சோர்ந்த வலது கீழறை, தன்னிடம் நிரம்பி வரும் ரத்தத்தின் அழுத்தத்தை வைத்தே வேலையை ஓட்டுகிறது. நிரம்புவதைக் குறைக்கும் எதுவும் அதற்கு எதிரி. நைட்ரேட் சிரைகளை விரித்து ரத்தத்தைக் கைகால்களில் தங்கவைக்கிறது. மார்ஃபினும் ஓரளவு அதைச் செய்யும். சிறுநீர் மருந்தான ஃப்ரூஸ்மைடு நீரையே வெளியேற்றிவிடும். பக்கத்து வீட்டுப் பெரியவர் நல்லெண்ணத்தில் கொடுத்த ஒரு மாத்திரை ஓட்டுநரைச் சாய்த்ததற்குக் காரணம் இதுதான்.

நைட்ரேட் கொடுப்பதற்கு முன் ஆண்களிடம் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. கூச்சப்பட்டு விட்டுவிடக் கூடாது. சில்டெனாஃபில் போன்ற ஆண்மைக் குறைபாட்டு மாத்திரையைக் கடந்த 24 மணி நேரத்தில் எடுத்தாரா என்று தனியாக, உறவினர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும். தடாலாஃபில் என்றால் 48 மணி நேரம். எடுத்திருந்தால் நைட்ரேட் கூடாது.

என்ன கொடுத்தார்கள், என்ன கொடுக்கிறோம்

தமிழ்நாட்டில் 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்கீழ், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகள் கொடுக்கிறார்கள். ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் இரண்டு, குளோபிடோக்ரல் 75 மில்லிகிராம் நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் எட்டு. கூட்டிப் பார்த்தால் 300, 300, 80 மில்லிகிராம். தலைமை மருத்துவமனையில் நோயாளியை ஏற்கும் செவிலியர் முதலில் பார்க்க வேண்டியது பரிந்துரைச் சீட்டில் இந்த மாத்திரைகள் எத்தனை மணிக்குக் கொடுக்கப்பட்டன என்பதைத்தான். சீட்டு தொலைந்திருந்தால் தொலைபேசியில் கேட்கலாம். "எதற்கும் இருக்கட்டும்" என்று மறுபடியும் கொடுத்தால் ரத்தக் கசிவு அபாயம் கூடும். மாத்திரை விழுங்கிய உடனேயே வாந்தி எடுத்தாரா என்பதையும் கேட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ஓட்டுநர் வாந்தி எடுத்தது மாத்திரைகளுக்கு முன்பு என்று மனைவி உறுதியாகச் சொன்னார். ஆஸ்பிரினை மென்று விழுங்கச் செய்திருக்க வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். மென்றால்தான் அது சீக்கிரம் ரத்தத்தில் கலக்கும்.

ஆக்சிஜன் முகமூடி நெஞ்சு வலிக்காரருக்கு அனிச்சையாகப் போடப்படும் பொருளாக நெடுங்காலம் இருந்தது. சுவீடனில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து நடந்து 2017-இல் வெளியான ஆய்வு, ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்குமேல் இருப்பவர்களுக்கு அதனால் பயனில்லை என்று காட்டியது. 96 சதவீதம் உள்ள ஓட்டுநருக்கு அது தேவையில்லை. உறவினர்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்பதற்காகவும் போட வேண்டியதில்லை.

அவருக்கு முதலில் தேவைப்பட்டது சலைன். கை நரம்புகளில் இரண்டு இடத்தில் ஊசி பொருத்தி, 250 மில்லிலிட்டர் சலைன் வேகமாக ஏற்றப்பட்டது. நுரையீரலைக் கேட்டுப் பார்த்து மூச்சு கூடவில்லை, இரைச்சல் இல்லை என்று உறுதிசெய்த பிறகே அடுத்த 250 ஏற்றப்பட்டது. ரத்த அழுத்தம் 104/68-க்கு ஏறியது. திரவமும் அளவோடுதான். அளவு மீறினால் விரிந்த வலது கீழறை இடது கீழறையை நெருக்கி, நிலைமையை மோசமாக்கிவிடும். அப்போதும் அழுத்தம் ஏறாவிட்டால் இதயத்தசையை ஊக்கும் மருந்துக்குத்தான் மாற வேண்டும்.

பலூன் சிகிச்சை செய்யும் கேத் லேப் இரண்டு மணி நேரத்துக்குள் எட்டாத தொலைவில் இருந்தால் கட்டி கரைக்கும் மருந்தே வழி. அந்த மாவட்ட மருத்துவமனையில் இருந்தது ஸ்ட்ரெப்டோகைனேஸ். கொடுப்பதற்குமுன் கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. மூளையில் எப்போதாவது ரத்தக் கசிவு ஏற்பட்டதா, அண்மையில் பக்கவாதம் வந்ததா, தலையில் அடிபட்டதா, பெரிய அறுவை நடந்ததா, மலத்தில் கறுப்பாகப் போகிறதா, ரத்த அழுத்தம் 180/110-க்கு மேல் இருக்கிறதா, இதே மருந்து முன்பு கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டு ஒவ்வொன்றுக்கும் பதிலை எழுத வேண்டும். ரத்தம் எடுப்பது, சிறுநீர்க்குழாய் தேவைப்பட்டால் போடுவது எல்லாவற்றையும் மருந்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். தசை ஊசி அறவே கூடாது. வலிக்காக ஆரம்பத்தில் யாரோ இடுப்பில் போட்ட ஒரு டைக்ளோஃபெனாக் ஊசி, பிறகு கைப்பிடி அளவு ரத்தக்கட்டாக வீங்குவதை வார்டுகளில் பார்க்கலாம்.

ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 லட்சம் யூனிட்டை 100 மில்லிலிட்டர் சலைனில் கலந்து 30 முதல் 60 நிமிடத்தில் ஏற்ற வேண்டும். கலக்கும்போது குப்பியைக் குலுக்கினால் நுரைத்துவிடும் என்பதால் மெல்ல உருட்ட வேண்டும். 7.05-க்குத் தொடங்கிய டிரிப்பில் கால் மணி நேரத்தில் ஓட்டுநரின் அழுத்தம் 86-க்கு இறங்கியது. இது இந்த மருந்தின் தெரிந்த குணம்தான். ஒவ்வாமையா என்று தோலையும் மூச்சையும் பார்த்தார்கள். தடிப்பு இல்லை, இரைப்பு இல்லை. டிரிப்பின் வேகத்தைக் குறைத்து, கால்களை உயர்த்தி, சலைன் கொடுத்ததும் அழுத்தம் மீண்டது. மருந்தை அடியோடு நிறுத்திவிட்டு மறந்துபோவதுதான் இங்கே பெரிய பிழை. தமனி அடைபட்டபடியே இருந்துவிடும். மருந்து ஏறும் நேரம் முழுக்க ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தம் பார்க்க ஓர் ஆள் படுக்கையருகே இருந்தாக வேண்டும்.

மானிட்டரும் ஆளும்

தமனி திறந்துகொண்டதா என்பதற்கு மூன்று அடையாளங்கள் உண்டு. வலி குறையும். மருந்து தொடங்கி 60 முதல் 90 நிமிடத்தில் எடுக்கும் ஈசிஜியில், உயர்ந்திருந்த எஸ்டி பகுதி பாதிக்குமேல் இறங்கியிருக்கும். மூன்றாவதுதான் மாணவர்களைப் பயமுறுத்துவது. திரையில் திடீரென்று அகன்ற துடிப்புகள் வரிசையாக, நிமிடத்துக்கு 60 முதல் 110 வேகத்தில் ஓடத் தொடங்கும். தமனி திறந்து ரத்தம் பாய்ந்ததால் வரும் தாளம் இது. நோயாளி பேசிக்கொண்டிருக்கிறார், அழுத்தம் நன்றாக இருக்கிறது என்றால் இதற்கு மருந்து வேண்டாம். தாளை அச்சிட்டு, நேரம் எழுதி, மருத்துவரிடம் காட்டினால் போதும். அதுவே நிமிடத்துக்கு 150-க்கு மேல் போனாலோ, அழுத்தம் சரிந்தாலோ கதை வேறு. ஓட்டுநருக்கு 8.30 மணிக்கு வலி எட்டிலிருந்து இரண்டாகக் குறைந்திருந்தது. எஸ்டி உயர்வு பாதிக்குமேல் இறங்கியிருந்தது. வலியும் எஸ்டி உயர்வும் அப்படியே இருந்திருந்தால் சிகிச்சை தோற்றது என்று பொருள். உடனே கேத் லேப் உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அந்த முடிவு, செவிலியர் தொண்ணூறாவது நிமிட ஈசிஜியை நேரத்துக்கு எடுத்தாரா என்பதில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

கீழ்ச்சுவர் மாரடைப்பில் நாடி மந்தமாவது அடிக்கடி நடக்கும். நாடி 45 இருந்தும் நோயாளி தெளிவாக, அழுத்தம் சரியாக இருந்தால் கவனித்தால் போதும். மயக்கம், வியர்வை, அழுத்தச் சரிவு சேர்ந்தால் அட்ரோபின் தேவைப்படும். அரை மில்லிகிராமுக்குக் குறைவாகக் கொடுத்தால் நாடி எதிர்மாறாக இன்னும் மந்தமாகக்கூடும் என்பதால், 'கொஞ்சமாகப் போட்டுப் பார்க்கலாம்' என்ற எண்ணம் உதவாது. வெளியிலிருந்து நாடியைத் தூண்டும் பட்டைகளை அறையில் தயாராக வைத்திருக்க வேண்டும்.

முதல் 24 மணி நேரத்தில் மிகவும் அஞ்ச வேண்டியது கீழறை நடுக்கம். அது வந்தால் மின்னதிர்ச்சிதான் மருந்து. 1960-களின் தொடக்கத்தில் இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பிறந்ததே இதற்காகத்தான். அந்தப் பிரிவுகளில் மின்னதிர்ச்சி கொடுக்கும் அதிகாரம் செவிலியர்களுக்குத் தரப்பட்ட பிறகே அவை உண்மையான பலன் கொடுத்தன. ஈசிஜி படிப்பது டாக்டர் வேலை என்று இன்றும் ஒதுங்கும் மாணவர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. திரையில் கோணல்மாணலாக அலை தெரிந்தால் முதலில் நோயாளியைப் பார்க்க வேண்டும். பல் துலக்கிக்கொண்டிருப்பவரின் மானிட்டரும் நடுக்கம்போலவே காட்டும். கூப்பிட்டும் பதில் இல்லை, கழுத்து நாடி இல்லை என்றால் மார்பை அழுத்தத் தொடங்கி, மின்னதிர்ச்சி எந்திரத்தைக் கொண்டுவரச் செய்ய வேண்டும். மார்பில் அடர்ந்த முடி உள்ளவர்களுக்கு மின்முனை ஒட்டும் இடத்தை மழித்து, வியர்வையைத் துடைத்து ஒட்டினால் பொய் எச்சரிக்கைகள் குறையும். மணி அடிக்கிறதே என்று எச்சரிக்கை ஒலியை அணைத்துவைப்பது மன்னிக்க முடியாத பழக்கம்.

ரத்தக் கசிவுக்கான கவனிப்பு ஒரு நாள் முழுவதும் தொடரும். ஈறு, சிறுநீர், மலம், ஊசி குத்திய இடம் எல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. தெரியாதது மூளை. புதிதாகத் தலைவலி, குழறல் பேச்சு, ஒரு கை தளர்வு, திடீர்த் தூக்கக் கலக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் ரத்தம் இளக்கும் மருந்துகளை நிறுத்திவைத்து உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். எனாக்ஸாபாரின் ஊசியை வயிற்றுத் தோலடியில் போட்டபிறகு அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. தயாராக வரும் சிரிஞ்சில் உள்ள காற்றுக்குமிழை வெளியேற்றவும் கூடாது. நாடியை மந்தமாக்கும் மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள் சீட்டில் எழுதியிருந்தாலும், நாடி 60-க்குக் கீழோ மேல் அழுத்தம் 100-க்குக் கீழோ இருந்தால் கொடுக்காமல் மருத்துவரிடம் கேட்பதே சரி. ஓட்டுநருக்கு முதல் இரண்டு நாளும் அந்த மாத்திரை கொடுக்கப்படவில்லை.

மறுநாள் வரும் வலி

மருந்துக்குத் தமனி திறந்தாலும் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோகிராம் செய்து பார்ப்பது இன்றைய முறை. ஓட்டுநருக்கு அன்று மாலையே மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மணிக்கட்டு வழியாக அது செய்யப்பட்டு, வலது தமனியில் ஒரு ஸ்டென்ட் வைக்கப்பட்டது. திரும்பி வந்ததும் செவிலியர் பார்ப்பது மணிக்கட்டுப் பட்டையின் கீழ் கசிவு, விரல்களின் நிறம், சூடு, மரத்துப்போதல்.

இரண்டாம் நாள் அவருக்கு மறுபடி நெஞ்சு வலித்தது. மறுபடி கேள்விகள், மறுபடி ஈசிஜி. இந்த வலி குத்துவதாக இருந்தது. மூச்சை இழுத்தால் கூடியது, மல்லாந்து படுத்தால் கூடியது, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறைந்தது. இது இதய உறையின் அழற்சி, புது அடைப்பு அல்ல. பழைய பாரம் போன்ற வலியே திரும்பியிருந்தால் ஸ்டென்ட் அடைபட்டிருக்குமோ என்று பார்க்க வேண்டும். மூன்றாவது சாத்தியமும் உண்டு. முதல் வாரத்துக்குள் திடீரென மூச்சுத்திணறலும் அழுத்தச் சரிவும் வந்து, இதுவரை இல்லாத முணுமுணுப்பு ஒலி இதயத்தில் கேட்டால், உள்ளே தசையோ தடுப்புச் சுவரோ கிழிந்திருக்கலாம். ஒவ்வொரு ஷிப்ட்டிலும் இதய ஒலியைக் கேட்டு எழுதிவைத்திருந்தால்தான் அது புதிது என்று சொல்ல முடியும்.

மாரடைப்புக்காரரை ஆறு வாரம் அசையாமல் படுக்கவைத்த காலம் ஒன்று இருந்தது. 1952-இல் சாமுவேல் லெவின், பெர்னார்ட் லோன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் நோயாளிகளை நாற்காலியில் உட்காரவைத்துக் காட்டியபோது பலத்த எதிர்ப்பு கிளம்பியது. இன்று வலி நின்று 12 மணி நேரம் ஆனதும் கட்டில் ஓரம் உட்காரவைத்து, மறுநாள் அறைக்குள் நடக்கவிடுகிறார்கள். நடக்கும்போது நாடி 20-க்குமேல் கூடினாலோ, மேல் அழுத்தம் இறங்கினாலோ, வலி வந்தாலோ அந்த அளவோடு நிறுத்த வேண்டும். மலச்சிக்கலைத் தடுப்பது மருந்துக்கு இணையான வேலை. முக்கும்போது நாடி மந்தமாகி மயக்கம் வரும். கீழ்ச்சுவர் நோயாளியிடம் அந்த ஆபத்து இன்னும் அதிகம்.

வீட்டுக்குப் போகும்முன்

வெளியேறும் நாளில் பைகளைக் கட்டும் அவசரத்தில் பத்து நிமிடம் பேசுவது கற்பித்தல் ஆகாது. இரண்டாம் நாளிலிருந்தே தினமும் ஒரு விஷயம் என்று சொல்லி, மறுநாள் நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "வீட்டில் பாரம் வந்தால் என்ன செய்வீங்க அண்ணே?" என்று கேட்டால்தான் உண்மை தெரியும். சமைப்பவரும் மாத்திரை எடுத்துக்கொடுப்பவரும் உடனிருக்க வேண்டும்.

ஓட்டுநரிடம் அழுத்திச் சொல்ல வேண்டியவை சிலதான். ஆஸ்பிரினும் அதனுடன் கொடுக்கும் இரண்டாவது ரத்தத்தட்டு மருந்தும் ஸ்டென்ட்டைக் காப்பவை. பொதுவாக ஓராண்டுக்கு இரண்டையும் விடக் கூடாது. பல் பிடுங்கப் போனால்கூட இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. மாத்திரை தீர்ந்து, அடுத்து ஊருக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நான்கு நாள் விட்டால் ஸ்டென்ட் அடைபடக்கூடும். லாரியில் வெளியூர் போகிறவர் என்பதால் இரண்டு வாரத்து மாத்திரையை வண்டியிலேயே வைத்திருக்கச் சொல்வது பயனுள்ள யோசனை. மலம் தார்போல் கறுத்தால் உடனே வர வேண்டும். மூட்டு வலி, முதுகு வலி என்று மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடக் கூடாது. பாரசிட்டமால் போதும். வயிற்றெரிச்சலுக்கு ஒமிப்ரசோலைத் தானாக வாங்கினால் அது குளோபிடோக்ரலின் வேலையைக் குறைக்கலாம். பாண்டோப்ரசோல் எழுதியிருந்தால் அதையே தொடர வேண்டும்.

நாக்கடி மாத்திரையைப் பற்றித்தான் அதிகக் குழப்பம். மருத்துவர் அதை இவருக்கு எழுதியிருந்தால் மட்டுமே பயன்படுத்தலாம். உட்கார்ந்துகொண்டு ஒன்று வைக்க வேண்டும். நின்றபடி வைத்தால் விழுந்துவிடுவார். ஐந்து நிமிடத்தில் குறையாவிட்டால் 108-ஐ அழைக்க வேண்டும். தானே வண்டி ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பக் கூடாது. தன்னுடைய மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுக்கவும் கூடாது. அதன் விளைவு இவருக்கே தெரியும்.

பீடியை முழுதாக விட வேண்டும், ஒன்றிரண்டு என்ற பேரம் இல்லை. உப்பைக் குறைக்கச் சொல்லும்போது 'உப்பு குறைவாகச் சேருங்கள்' என்றால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, சாலையோர உணவகத்துக் குழம்பு என்று பெயர் சொல்லிக் கேட்டு, அவர் தினமும் சாப்பிடுவது எது என்று கண்டு அதை நிறுத்துவதே வழி. முதல் வாரம் வீட்டைச் சுற்றிச் சமதளத்தில் ஐந்து பத்து நிமிட நடை, பிறகு வாரம் தோறும் கொஞ்சம் கூட்டலாம். சாப்பிட்ட உடனே நடை வேண்டாம். இரண்டு மாடிப் படியை மூச்சு வாங்காமல், வலி வராமல் ஏற முடிந்தால் தாம்பத்திய உறவு பாதுகாப்பானது என்று செவிலியரே பேச்சை எடுத்துச் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான தம்பதிகள் கேட்கத் தயங்கிப் பயத்திலேயே காலம் தள்ளுகிறார்கள். லாரியை மீண்டும் எடுப்பது எப்போது என்பதை மட்டும் இதய மருத்துவர் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். கனரக வண்டிக்குச் சொந்தக் காருக்கு உள்ள அளவுகோல் பொருந்தாது.

கையில் கொடுத்தனுப்பும் காகிதங்களில் கடைசி ஈசிஜியின் நகல் கட்டாயம் இருக்க வேண்டும். அடுத்த முறை எந்த ஊரில் வலி வந்தாலும் அங்கிருக்கும் மருத்துவர் எது பழையது, எது புதியது என்று ஒப்பிட அதுதான் உதவும். அதே தாளில் ஸ்ட்ரெப்டோகைனேஸ் கொடுத்த தேதியைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். அந்த மருந்துக்கு எதிரான எதிர்ப்புப் பொருள்கள் உடலில் பல ஆண்டுகள் தங்கிவிடுவதால், இனி இவருக்குக் கட்டி கரைக்கும் மருந்து தேவைப்பட்டால் டெனக்டெப்ளேஸ் போன்ற வேறொன்றைத்தான் கொடுக்க வேண்டும்.